அங்கன்வாடிக் குழந்தைகளிடம் ஆய்வு: நெறிமுறை அறிக்கையும் பெற்றோர் ஒப்புதல் படிவமும் எழுதும் முறை

கல்வியியல், உளவியல், மொழியியல், செவிலியம் என எந்தத் துறையில் ஆய்வு செய்தாலும், ஆறு வயது நிரம்பாத குழந்தைகளிடம் தரவு திரட்டப் போகிறவர் இரண்டு தாள்களை எழுதியாக வேண்டும். ஒன்று நெறிமுறைக் குழுவுக்கு அளிக்கும் நெறிமுறை அறிக்கை, மற்றொன்று பெற்றோர் கையொப்பமிடும் ஒப்புதல் படிவம். நூலகத்தில் கிடைக்கும் ஏதோ ஓர் ஆய்வேட்டின் பின்னிணைப்பிலிருந்து இரண்டையும் எடுத்துத் தலைப்பையும் பெயரையும் மட்டும் மாற்றிக்கொள்வதுதான் பலருடைய வழக்கம். "நான் என்னுடைய சுயநினைவுடனும் முழு சுதந்திரத்துடனும் இந்த ஆராய்ச்சியில் சேர்ந்துகொள்ளச் சம்மதிக்கிறேன்" என்னும் வாசகம் நம் மருத்துவக் கல்லூரி ஆய்வேடுகளில் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது. அது வயது வந்த நோயாளிக்காக எழுதப்பட்டது. நான்கு வயதுக் குழந்தையின் தாய் கையெழுத்திடும் தாளில் அதே வாசகம் இருந்தால், ஆய்வில் சேர்வது தாயா குழந்தையா என்பதே தெரியாமல் போகிறது. எங்கள் கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் பொதுமக்கள் சார்பில் அமரும் உறுப்பினராக இப்படிப்பட்ட தாள்களைப் படித்துவருகிறேன். திருப்பி அனுப்பப்படுபவற்றில் பெரும்பாலானவை ஆய்வு தவறானது என்பதற்காக அனுப்பப்படுவதில்லை. குழந்தைக்கு உண்மையில் என்ன நடக்கப்போகிறது என்பதைத் தாளில் கண்டுபிடிக்க முடியாததே காரணம்.

ஆகவே ஓர் ஆய்வைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு, அதற்கு இரண்டு தாள்களையும் எழுதிப் பார்ப்போம். முனைவர் பட்ட மாணவி ஒருவர் நான்கு அங்கன்வாடி மையங்களில் 4 முதல் 5 வயது வரையுள்ள 40 குழந்தைகளைச் சந்திக்கிறார். எழுத்தே இல்லாத, படங்கள் மட்டும் கொண்ட ஒரு கதைப் புத்தகத்தை ஒவ்வொரு குழந்தையிடமும் கொடுத்து, அந்தக் கதையைக் குழந்தையின் வாயால் சொல்ல வைத்து ஒலிப்பதிவு செய்கிறார். ஒரு மாத இடைவெளியில் இருமுறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம். மருந்து, ஊசி, இரத்தப் பரிசோதனை எதுவும் இதில் கிடையாது. கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இத்தகைய ஆய்வில்தான் கவனக்குறைவு எளிதில் நுழைகிறது.

முதலில் அந்தப் பதினைந்து நிமிடத்தை எழுதுங்கள்

அறிக்கையையும் படிவத்தையும் தொடுவதற்கு முன், குழந்தை தன் இடத்தைவிட்டு எழுந்து வருவது முதல் திரும்பிப் போய் உட்காரும் வரை நடப்பதை ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தைக் குழு கேட்காது. ஆனால் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கும்.

குழந்தையை யார் கூப்பிடுவார்? எங்கே உட்கார வைப்பீர்கள்? பல அங்கன்வாடி மையங்களில் இருப்பது ஒரே கூடமும் ஒரு சமையலறையும்தான். அமைதியான இடம் வேண்டுமென்று குழந்தையைத் தனியறைக்கு அழைத்துச் சென்று கதவைச் சாத்துவதைக் குழு ஏற்காது. ஒலிப்பதிவின் தரம் சற்றுக் குறைந்தாலும், கூடத்தின் ஒரு மூலையில் அங்கன்வாடிப் பணியாளரோ உதவியாளரோ பார்த்துக்கொண்டிருக்கும் இடமே சரியான இடம். எந்த நேரத்தில் சந்திப்பீர்கள்? சாப்பாட்டுக்கு முன் பசியில் இருக்கும் குழந்தையும், சாப்பிட்டபின் தூக்கம் சொக்கும் குழந்தையும் கதை சொல்லமாட்டார்கள். சொல்லாததை உங்கள் ஆய்வு மொழித்திறன் குறைவு என்று கணக்கிட்டுவிடும். நடுவில் "ஒண்ணுக்குப் போகணும்" என்று குழந்தை சொன்னால் யார் அழைத்துப் போவார்? அது உதவியாளரின் வேலை, உங்களுடையது அல்ல என்பதையும் எழுதிவிடுங்கள். ஒலிப்பதிவுக் கருவி குழந்தையின் கண்ணில் படும்படி இருக்குமா, அது என்னவென்று குழந்தைக்குச் சொல்வீர்களா என்பதும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் குழந்தைக்கு எங்கெங்கே சங்கடம் வரலாம் என்பது தானாகத் தெரியும். விளையாட்டை விட்டு வர வேண்டியிருக்கிறது. கதை வரவில்லையென்றால் கூச்சப்படலாம், மற்ற பிள்ளைகள் சிரிக்கலாம். குரல் பதிவாகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக் கதையை அந்தக் குழந்தை சொல்லத் தொடங்கலாம். நம் ஆய்வில் எழக்கூடிய சங்கடங்கள் இந்த நான்கும்தான். "இவ்வாய்வில் எவ்வித அபாயமும் இல்லை" என்று எழுதுவதைவிட இந்த நான்கையும் அவற்றுக்கு நீங்கள் செய்யப்போவதையும் எழுதுவது குழுவுக்கு அதிக நம்பிக்கை தரும். அன்றாட வாழ்வில் இயல்பாகச் சந்திப்பதைவிட மிகாத சங்கடத்தை விதிமுறைகள் குறைந்தபட்ச அபாயம் என்கின்றன. நம் ஆய்வு அந்த வகையைச் சேரும். அபாயமே இல்லை என்பதும் குறைந்தபட்ச அபாயம் என்பதும் ஒன்றல்ல.

எந்த விதி, யாருடைய அனுமதி

இந்தியாவில் இதற்கு அடிப்படையாக இருப்பவை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2017இல் வெளியிட்ட இரண்டு வழிகாட்டி நெறிகள். ஒன்று மனிதர்கள் பங்கேற்கும் எல்லா ஆய்வுகளுக்கும் பொதுவானது, மற்றது குழந்தைகளுக்கென்றே தனியாக எழுதப்பட்டது. நம் ஆய்வு மருத்துவ ஆய்வு அல்ல என்றாலும், சமூக அறிவியல் துறைகளின் நெறிமுறைக் குழுக்களும் இவற்றையே அளவுகோலாக வைத்துக்கொள்கின்றன.

அவற்றில் புதியவர் அறிய வேண்டியது வயது வரம்பு. 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ ஒப்புதல் தர வேண்டும். அதோடு 7 முதல் 11 வயது வரை குழந்தையின் வாய்மொழி இசைவையும், 12 முதல் எழுத்து வழி இசைவையும் பெற வேண்டும். 7 வயதுக்குக் கீழே பெற்றோரின் ஒப்புதல் போதும். பெற்றோர் தருவதை ஒப்புதல் என்றும் குழந்தை தருவதை இசைவு என்றும் இரு சொற்களால் பிரித்து எழுதுங்கள், இரண்டையும் சம்மதம் என்று ஒரே சொல்லால் குறித்தால் அறிக்கை குழம்பிவிடும். நம் 4 வயதுக் குழந்தைகளிடம் முறையான இசைவு பெறத் தேவையில்லை. ஆனால் குழந்தை மறுத்தால் அந்த மறுப்பு செல்லும், அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

குறைந்தபட்ச அபாயத்தை மிஞ்சாத ஆய்வுக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவரின் கையொப்பம் போதும். அபாயம் அதைவிடக் கூடும்போது இருவரின் கையொப்பத்தையும் குழு கேட்கலாம். "தந்தையின் கையொப்பம் கட்டாயம்" என்று சில படிவங்களில் காண்கிறேன். எங்கோ வெளியூரில் லாரி ஓட்டும் தந்தைக்காகக் குழந்தையை ஆய்விலிருந்து விலக்கும்படி எந்த நெறியும் சொல்லவில்லை.

மையத்துக்குள் நுழைய அனுமதி வேறு, குழந்தையிடம் ஆய்வு செய்ய ஒப்புதல் வேறு. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் மாவட்ட அலுவலரிடமும், வட்டார அளவிலுள்ள குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும் கடிதம் கொடுத்து அனுமதி பெற வேண்டும். அந்தக் கடிதம் உங்களை வாசல்படி தாண்ட விடும், அவ்வளவுதான். "துறை அனுமதி பெறப்பட்டுள்ளதால் பெற்றோர் ஒப்புதல் தேவையில்லை" என்று ஒருவர் எழுதியிருந்ததைக் குழுவில் படித்தபோது யாரும் விவாதிக்கக்கூட இல்லை, நேராகத் திருப்பி அனுப்பிவிட்டோம். "விருப்பம் இல்லாதவர்கள் மட்டும் தெரிவிக்கவும்" என்று சுற்றறிக்கை அனுப்பிவிட்டு, பதில் வராததை ஒப்புதலாக எடுத்துக்கொள்வதும் செல்லாது. வாய் திறக்காத தாய் சரி என்று சொன்னதாகக் கொள்ள முடியாது.

குழந்தைகள் பங்கேற்கும் ஆய்வைப் பெரும்பாலும் முழுக்குழுவும் கூடித்தான் பார்க்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழுவாக இருந்தால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அனுமதி வருவதற்கு முன் எடுத்த ஒரு பதிவைக்கூடப் பயன்படுத்த முடியாது, "முன்னோட்டமாகத்தான் எடுத்தேன்" என்றாலும் முடியாது.

நெறிமுறை அறிக்கையை எழுதுதல்

அறிக்கை இரண்டு அல்லது மூன்று பக்கம் இருந்தால் போதும். மருத்துவ ஆய்வுக்கு உலக அளவில் நெறி வகுத்த ஹெல்சிங்கி பிரகடனத்தில் தொடங்கி வரலாறு எழுத வேண்டாம். குழுவில் இருப்பவர்கள் அதை அறிவார்கள். அவர்கள் தேடுவது உங்கள் ஆய்வில் யார், எப்போது, என்ன செய்வார் என்பதைத்தான். ஓர் எளிய சோதனை இருக்கிறது. எழுதிய வாக்கியத்தை வேறொருவரின் ஆய்வில் அப்படியே ஒட்ட முடியுமானால், அது உங்கள் அறிக்கையில் இருக்க வேண்டியதில்லை. "பங்கேற்பாளர்களின் தன்னார்வம் உறுதிசெய்யப்படும்" என்பது எங்கும் ஒட்டும். இதோ நம் ஆய்வுக்கு மட்டும் பொருந்தும் வாக்கியம்:

"அங்கன்வாடிப் பணியாளர் சொன்னால் பெற்றோர் மறுக்கத் தயங்குவர் என்பதால், படிவத்தைப் பணியாளர் வழியாகக் கொடுக்கப்போவதில்லை. ஆய்வாளரே பெற்றோரைத் தனியாகச் சந்தித்து விளக்குவார். எந்தப் பெற்றோர் மறுத்தார் என்பது பணியாளருக்குத் தெரிவிக்கப்படாது."

இந்த வாக்கியத்தின் பின்னால் உண்மையான ஒரு நெருக்கடி இருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளர் அந்தத் தாயின் மகப்பேறு காலத்திலிருந்து பழகியவர். சத்துமாவு கொடுப்பவர், எடை பார்ப்பவர், பதிவேட்டில் பெயர் எழுதுபவர். அவர் தாளை நீட்டி "ஒரு கையெழுத்துப் போடும்மா" என்றால், பெரும்பாலான தாய்மார்கள் படிக்காமலேயே போட்டுவிடுவார்கள். மறுத்தால் பிள்ளைக்கு முட்டை கிடைக்காது என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், ஆனாலும் அந்த நினைப்பு வரும். இந்த அழுத்தத்தை எப்படித் தவிர்க்கப்போகிறீர்கள் என்பதற்குக் குறைந்தது ஒரு பத்தி ஒதுக்குங்கள். மறுத்தவர் யார் என்பதைப் பணியாளர் முற்றிலும் அறியாமலிருப்பது கடினம்தான், யாரைக் கூப்பிடவில்லை என்பதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். அதனால் ஒப்புதல் தராத வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, கருவியை இயக்காமல், அதே புத்தகத்தைப் பார்க்கவிட்டு அனுப்பலாமா என்று சிலர் கேட்பதுண்டு. செய்யலாம். ஆனால் அந்தக் குழந்தையிடமிருந்து ஒரு குறிப்பும் எடுக்கப்போவதில்லை என்பதை அறிக்கையில் எழுத வேண்டும், பெற்றோரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

பரிசுப் பொருள் பற்றியும் இதே கவனம் வேண்டும். பெற்றோருக்குப் பணம் தருவதைத் தவிருங்கள். படிவத்துக்காக அரைநாள் வேலையை விட்டு வந்தால் அந்தக் கூலியை ஈடுகட்டலாம், அதற்குமேல் கொடுப்பது ஒப்புதலை விலைக்கு வாங்குவதாகிவிடும். குழந்தைக்கு வண்ணப் பென்சில் கொடுப்பதானால் மையத்திலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுங்கள். கதை சொன்னவனுக்கு மட்டும் பென்சில் என்றால், சொல்லாதவன் அழுவான். மறுமுறை விருப்பமில்லாமலே வந்து உட்காருவான். தின்பண்டம் வேண்டவே வேண்டாம், யாருக்கு எது ஒவ்வாது என்று உங்களுக்குத் தெரியாது.

தரவைப் பற்றி எழுதும்போது இடத்தைச் சொல்லுங்கள். "பாதுகாப்பாக வைக்கப்படும்" என்றால் எங்கே? உங்கள் சொந்தக் கைபேசியில் பதிவு செய்தால், குழந்தையின் குரல் நீங்கள் அறியாமலேயே இணையச் சேமிப்பகத்துக்குப் போய்விடக்கூடும். தனி ஒலிப்பதிவுக் கருவி, அன்று மாலையே கடவுச்சொல் போட்ட கணினிக்கு மாற்றம், கருவியிலிருந்து அழிப்பு என்ற வரிசையை எழுதுங்கள். குழந்தையின் பெயருக்குப் பதிலாக அ-07 என்பதுபோல் ஒரு குறியெண் கொடுத்து, பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியலைத் தனியாகப் பூட்டி வையுங்கள். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எவரையும் குழந்தையாகவே கொண்டு, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. குரலும் தனிநபர் தரவே.

நிறைவேற்ற முடியாத வாக்குறுதி

"குழந்தை சொல்லும் எதுவும் யாருக்கும் தெரிவிக்கப்படாது" என்ற வரி ஏறக்குறைய எல்லாப் படிவங்களிலும் இருக்கிறது. அதை எழுதக் கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது போக்சோ சட்டம், தன் 19ஆம் பிரிவில் ஒரு கடமையை விதிக்கிறது. குழந்தைக்கு எதிராக அத்தகைய குற்றம் நடந்தது என்று அறிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ, சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தாக வேண்டும். ஆய்வாளருக்கு இதில் விலக்கு இல்லை. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அப்படியிருக்க, முழு இரகசியம் காப்பதாகப் பெற்றோரிடம் எழுதிக் கொடுத்துவிட்டால், ஒருநாள் அந்த எழுத்தை மீறுவீர்கள் அல்லது சட்டத்தை மீறுவீர்கள்.

கதை சொல்லும் ஆய்வில் இதெல்லாம் வருமா என்று கேட்கலாம். படத்தில் ஒரு பெரியவர் கையை ஓங்கியபடி நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "எங்கப்பாவும் இப்படித்தான் குடிச்சிட்டு வந்து அம்மாவை அடிப்பாரு" என்கிறது குழந்தை. இது போக்சோவின் கீழ் வராது. ஆனாலும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. இப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே அறிக்கையில் எழுதி வைக்க வேண்டும். துருவித் துருவிக் கேட்கக் கூடாது. கேட்பது உங்கள் வேலையல்ல, பின்னால் விசாரணை நடந்தால் உங்கள் கேள்விகளே குழந்தையின் சொல்லைக் கெடுத்துவிடும். "சொன்னது நல்லதுடா கண்ணு" என்பதோடு நிறுத்தி, குழந்தையின் சொற்களை அப்படியே குறித்துக்கொண்டு, அன்றே நெறியாளரிடம் தெரிவித்து, தேவையானால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்க வேண்டும். குழந்தை குற்றம் சாட்டியவரிடமே போய் "இப்படிச் சொல்கிறானே" என்று கேட்பதுதான் புதியவர் செய்யக்கூடிய மிக மோசமான தவறு. வீட்டுக்குப் போனதும் அந்த அடி குழந்தை மேல் விழும்.

ஒப்புதல் படிவம்

படிவத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதலில் வருவது தகவல் தாள், அது பெற்றோரின் கையிலேயே தங்கிவிடும். அடுத்தது கையொப்பத் தாள். இரண்டு பிரதிகளில் கையெழுத்து வாங்கி ஒன்றைப் பெற்றோருக்குக் கொடுத்துவிட வேண்டும். நேராகத் தமிழில் எழுதுங்கள். குழு கேட்டால் ஆங்கிலப் பிரதியைப் பிறகு தயாரிக்கலாம். ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்த படிவம் கண்டுபிடிக்க எளிதானது, அதில் எல்லா வினைகளும் "படும்" என்று முடிந்திருக்கும். "தங்கள் குழந்தையின் மொழித்திறன் மதிப்பிடப்படும்" என்று படித்த தாய், பிள்ளைக்குப் பரீட்சை வைக்கிறார்கள் என்றுதான் எண்ணுவாள், பாஸா பெயிலா என்று கேட்பாள். செய்பவர் யார் என்பதை வாக்கியத்தில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். நம் ஆய்வுக்கான தகவல் தாள் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். நான் … பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் எப்படிக் கதை சொல்கிறார்கள் என்று படித்து வருகிறேன்.

உங்கள் பிள்ளையிடம் ஒரு படப் புத்தகத்தைக் கொடுத்து, அதைப் பார்த்துக் கதை சொல்லச் சொல்வேன். இது அங்கன்வாடியிலேயே, டீச்சர் பார்க்கும் இடத்தில் நடக்கும். 15 நிமிடம் ஆகும். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை வருவேன். பிள்ளை பேசுவதை ஒரு கருவியில் பதிவு செய்வேன். புகைப்படமோ வீடியோவோ எடுக்கமாட்டேன்.

இது பரீட்சை இல்லை. மதிப்பெண் கிடையாது. பிள்ளை எப்படிச் சொன்னான் என்பதை டீச்சரிடம் சொல்லமாட்டேன். பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுவேன்.

இதனால் உங்களுக்கோ பிள்ளைக்கோ நேரடிப் பயன் இல்லை. நீங்கள் வேண்டாம் என்றாலும் அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவு, முட்டை, சாப்பாடு எதுவும் குறையாது. இந்த ஆய்வுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

பதிவிலோ ஆய்வேட்டிலோ பிள்ளையின் பெயரை எழுதமாட்டேன். பெயர்ப் பட்டியலைத் தனியாகப் பூட்டி வைப்பேன். கருத்தரங்கில் ஒரு துண்டை ஒலிக்கச் செய்யலாம் என்று நீங்கள் தனியே குறித்தால் தவிர, பதிவை நானும் என் நெறியாளரும் மட்டுமே கேட்போம். ஆனால் பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்வதாகத் தெரிந்தால், சட்டப்படி உரியவர்களிடம் சொல்லியாக வேண்டும்.

இப்போது சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு வேண்டாம் என்றும் சொல்லலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. … தேதிக்குள் சொன்னால் பதிவை அழித்துவிடுவேன். அதன்பிறகு எல்லாப் பிள்ளைகளின் கதைகளும் பெயர் நீக்கிக் கலந்துவிடும், உங்கள் பிள்ளையுடையதை மட்டும் தனியே பிரித்து எடுக்க முடியாது."

கடைசிப் பத்தியில் வரும் தேதியைக் கவனியுங்கள். "எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்று எழுதுவது அழகாக இருக்கிறது. பெயரும் எண்ணும் இணைந்த பட்டியலை அழித்தபின் ஒரு தாய் வந்து கேட்டால், எந்தப் பதிவு அவள் பிள்ளையுடையது என்று உங்களுக்கே தெரியாது. பட்டியலை அழிக்கும் நாளை முதலிலேயே முடிவுசெய்து அந்தத் தேதியைப் போடுங்கள். தாளின் அடியில் உங்கள் தொலைபேசி எண்ணும், நெறியாளர் எண்ணும், புகார் இருந்தால் கூப்பிட நெறிமுறைக் குழுச் செயலரின் எண்ணும் இருக்க வேண்டும். மூன்றாவது எண்ணைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள்மேல் புகார் சொல்ல உங்களையே கூப்பிடச் சொல்வதில் பொருளில்லை.

கையொப்பத் தாளில் எல்லாவற்றையும் ஒரே கையெழுத்துக்குள் அடைக்காதீர்கள். பிள்ளை கதை சொல்லலாம், குரலைப் பதிவு செய்யலாம், பெயர் சொல்லாமல் குரலின் ஒரு துண்டைக் கருத்தரங்கில் ஒலிக்கச் செய்யலாம் என்று மூன்று வரிகள் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆம், இல்லை என்று இரு கட்டங்கள் வையுங்கள். முதல் இரண்டுக்கும் ஆம் என்று சொல்லிவிட்டு மூன்றாவதற்கு இல்லை என்று குறிக்கும் பெற்றோர் உண்டு. ஒரே கையெழுத்தாக இருந்தால் அந்த மறுப்பைப் பதிவுசெய்ய அவர்களுக்கு இடமே இருக்காது.

கையெழுத்து வாங்கும் நாள்

காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுபவர் பல வீடுகளில் பாட்டிதான். அம்மா நூறு நாள் வேலைக்கோ மில்லுக்கோ போயிருப்பார். "எங்கிட்டே குடுங்க கண்ணு, நானே போட்டுடறேன்" என்று பாட்டி கையை நீட்டுவார். வாங்காதீர்கள். பிள்ளையை வளர்ப்பவர் அவராகவே இருந்தாலும், தாயோ தந்தையோ இருக்கும்போது, சட்டப்படி பாதுகாவலர் ஆக்கப்படாத பாட்டியின் கையொப்பம் செல்லாது. "அம்மா வர்ற நேரமா நான் சாயந்திரம் வீட்டுக்கு வரட்டுமா பாட்டி?" என்று கேட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். 40 வீடுகளுக்குப் பல மாலைகள் பிடிக்கும். ஆய்வுக்கால அட்டவணையில் அதற்கு இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள்.

வீட்டில் தாளை நீட்டுவதற்கு முன் வாயால் சொல்லுங்கள். பிறகு நீங்களே உரக்கப் படித்துக் காட்டுங்கள். முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "அக்கா, சாயந்திரம் அண்ணன் வந்து, அந்தப் பொண்ணு எதுக்கு வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். "பிள்ளைக்கு டியூஷன் எடுக்கப் போறாங்களாம்னு சொல்லுவேன்" என்று பதில் வந்தால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அர்த்தம். தாளை அன்று இரவு அங்கேயே விட்டுவிட்டு மறுநாள் வந்து வாங்குவது நல்லது, கலந்து பேச வீட்டில் ஆள் இருப்பார்கள்.

படிக்கத் தெரியாத பெற்றோரிடம் கைரேகை வாங்கலாம். அப்போது எழுதப் படிக்கத் தெரிந்த, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முழு விளக்கத்தையும் உடனிருந்து கேட்டுக் கையொப்பமிட வேண்டும். உங்களுடன் வந்த சக மாணவர் சாட்சியாக முடியாது. அங்கன்வாடிப் பணியாளரையும் தவிருங்கள், காரணம் முன்பே சொன்னதுதான். பக்கத்து வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் போதும், அவருக்கு 18 வயது நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சாட்சி கடைசி நிமிடத்தில் வந்து கையெழுத்து மட்டும் போட்டால் அது சாட்சியமே அல்ல.

குழந்தையின் மறுப்பு

தாய் கையெழுத்திட்டுவிட்டார், குழந்தை வர மறுக்கிறது. இங்கே தாயின் கையெழுத்து உங்களுக்கு உதவாது. நான்கு வயதுக் குழந்தை "எனக்கு இதில் பங்கேற்க விருப்பமில்லை" என்று சொல்லாது. பாவாடை நுனியைத் திருகும், கதவைப் பார்க்கும், உதவியாளர் ஆயாவின் முந்தானைக்குப் பின்னால் போய் நிற்கும். கேட்ட கேள்விக்கெல்லாம் "தெரியாது" என்று சொல்லும், ஒரே பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும், திடீரென்று தண்ணீர் கேட்கும். எந்தெந்த அடையாளத்தைக் கண்டால் நிறுத்துவீர்கள் என்பதை அறிக்கையில் பட்டியலாகவே எழுதுங்கள். அழுகை, இடத்தைவிட்டு எழுதல், ஒரு நிமிடத்துக்கு மேல் மௌனம், "போகணும்" என்று ஒருமுறை சொல்வது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வந்தால் கருவியை நிறுத்துவேன் என்று இருக்கலாம். குழந்தை கூச்சத்தில் மட்டும் தயங்கியிருக்கலாம் என்பதால் இன்னொரு நாள் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். இரண்டாம் முறையும் அதேதான் என்றால் அந்தக் குழந்தையை விட்டுவிட வேண்டும். பணியாளர் உதவ நினைத்து "போடா, அக்காகிட்ட கதை சொல்லிட்டு வா, இல்லன்னா அடி விழும்" என்று விளையாட்டாகச் சொன்னாலும், அன்று அந்தக் குழந்தையின் பதிவை எடுக்காதீர்கள்.

கூப்பிடும்போது குழந்தைக்குப் புரியும்படி என்ன சொல்வீர்கள் என்பதையும் நான்கு வரியில் எழுதி இணைத்துவிடுங்கள். "எங்கிட்டே ஒரு படப் புத்தகம் இருக்கு. அதைப் பார்த்து எனக்குக் கதை சொல்றியா? நீ சொல்றதை இந்தப் பெட்டி கேட்டுக்கும். வேண்டாம்னா விளையாடப் போகலாம்." கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் குழந்தை உண்மையிலேயே விளையாடப் போவதற்கு இடமும் நேரமும் விட வேண்டும்.

இப்படியெல்லாம் செய்தால் 40 குழந்தைகளில் சிலர் குறைவார்கள். அதனால் 48 வீடுகளில் ஒப்புதல் கேட்பதாக முதலிலேயே திட்டமிடுங்கள். ஆய்வேட்டில் எத்தனை பெற்றோர் மறுத்தனர், எத்தனை குழந்தைகள் பாதியில் எழுந்து போயினர் என்பதைக் காரணம் துருவாமல் எண்ணிக்கையாக மட்டும் எழுதுங்கள். ஒரு குழந்தைகூட மறுக்கவில்லை என்று எழுதியிருந்தால், குழந்தைகளைப் பார்த்துப் பழகிய எந்தத் தேர்வாளரும் உங்கள் முறையைப் பற்றிக் கேள்வி கேட்பார். இடையில் புத்தகத்தை மாற்றவோ, ஒலிப்பதிவுக்குப் பதில் வீடியோ எடுக்கவோ, மூன்றாம் முறை சந்திக்கவோ தோன்றினால், அன்றே செய்துவிட முடியாது. திருத்தத்தைக் குழுவுக்கு எழுதி, அனுமதி வந்தபின், புதிய தகவல் தாளோடு அதே 40 வீட்டு வாசலுக்கும் இன்னொரு முறை போக வேண்டியிருக்கும்.